உள்ளே 4 கிலோ தாங்கும் பைப் வெளியே 1 கிலோவுக்கு அமுங்குவது ஏன்?

"கொடுமுடிப் பக்கம் ஆத்தோரக் கிணத்துல இருந்து மேட்டுக்காட்டுத் தொட்டிக்கு 110 மி.மீ., 4 கிலோ பிவிசி பைப்புல தண்ணி ஏத்தறோம்ங்க. நடுவுல ஒரு கரடு குறுக்க வருது. மோட்டார் ஓடறப்ப ஒண்ணும் ஆகறதில்ல. கரண்ட் போச்சுன்னா கரட்டு மேல ரெண்டு பைப்பு சப்பட்டையா அமுங்கிக் கெடக்குது. காத்தோட அழுத்தமே 1 கிலோதான்னு சொல்றாங்க. உள்ள 4 கிலோ தாங்கற பைப்பு வெளிய 1 கிலோவுக்கு எப்படிங்க அமுங்கும்? பைப்பு மட்டமா?"

பைப் மட்டமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லைங்க. நல்ல தரமான 4 கிலோ பைப்பும் அந்த இடத்தில் அமுங்கத்தான் செய்யும். பைப்பில் அச்சடித்திருக்கும் 4 கிலோ, அதாவது சதுர செ.மீ.க்கு 4 கிலோ, என்பது உள்ளிருந்து வரும் அழுத்தத்துக்கு மட்டுமான கணக்கு. வெளியிலிருந்து அழுத்தினால் பைப் வேறு விதமாகத் தோற்கிறது. அந்தக் கணக்கில் பிவிசி எவ்வளவு பலமானது என்பதே வருவதில்லை.

முதலில் உள்ளழுத்தம். பைப்பை நீளவாக்கில் இரண்டு பாதியாகப் பிளந்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் தண்ணீர் இரண்டு பாதிகளையும் விலக்கித் தள்ளும். அவற்றைச் சேர்த்துப் பிடித்திருப்பது இரண்டு பக்கச் சுவர்கள்தான். ஆகவே சுவர் முழுக்க இழுவிசையில் இருக்கிறது. சுவர் இரு மடங்கு தடித்தால் இரு மடங்கு தாங்கும். விட்டம் இரு மடங்கானால் பாதிதான் தாங்கும். 110 மி.மீ., 4 கிலோ பைப்பின் சுவர் சுமார் 2.5 மி.மீ. இருக்கும். பிவிசியின் இழுவலிமை சுமார் 45 மெகாபாஸ்கல் என்று வைத்தால், புதுப் பைப் வெடிக்க 20 கிலோவுக்கு மேல் வேண்டும். பல ஆண்டுகள் ஓய்வில்லாமல் அழுத்தத்தில் இருந்தால் பிளாஸ்டிக் மெல்ல மெல்ல இளகும் என்பதால்தான் அதை 4 கிலோ என்று அடக்கி விற்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. பைப் கொஞ்சம் கோணலாக, முட்டை வடிவில் இருந்தாலும் உள்ளழுத்தம் அதை உருட்டி வட்டமாக்கிவிடும். ஒரே சுற்றளவுக்குள் அதிகப் பரப்பை அடைப்பது வட்டம்தான் என்பதால் தண்ணீர் எப்போதும் அந்தப் பக்கமாகத்தான் தள்ளும். அதாவது உள்ளழுத்தம் பைப்பின் குறையைத் திருத்துகிறது. உரக்கடையில் சுருட்டி வைத்திருக்கும் லே பிளாட் ஓஸ் அதற்கு நேர் சாட்சி. தரையில் துணி மாதிரி கிடக்கும். மோட்டாரைப் போட்டதும் விறைத்து உருண்டு நிற்கும்.

வெளியழுத்தம் இதற்கு நேர் எதிர். பைப் எங்காவது இம்மி அளவு தட்டையாக இருந்தால், அந்தத் தட்டையான பக்கத்தின் மேல் விழும் விசை அதை இன்னும் தட்டையாக்கும். இன்னும் தட்டையானால் விசை இன்னும் எளிதாக மடக்கும். குறை குறையை வளர்க்கிறது. இதைத் தடுத்து நிறுத்தக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: சுவர் மடங்க மறுக்கும் விறைப்பு. அந்த விறைப்பு இருக்கும் வரை பைப் வட்டமாகத் திரும்பும். அழுத்தம் ஓர் எல்லையைத் தாண்டினால் திரும்பாது, ஒரே நொடியில் சப்பென்று உட்காரும். இதைத்தான் பக்ளிங் என்கிறார்கள்.

தகடு மடங்க மறுப்பது அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. அதனால் இரண்டு கணக்குகளும் இப்படிப் பிரிகின்றன:

```
உள்ளழுத்தம் (வெடிக்க):   p = 2·S·(t/D)
வெளியழுத்தம் (அமுங்க):   p = 2·E/(1 − ν²)·(t/D)³
```

இங்கே t சுவர்த் தடிமன், D சுவரின் நடுக்கோட்டில் அளந்த விட்டம், S இழுவலிமை, E பொருளின் விறைப்பைச் சொல்லும் யங் குணகம், ν ஒரு பக்கம் இழுத்தால் குறுக்கே எவ்வளவு சுருங்கும் என்று சொல்லும் பாய்சான் விகிதம். இரண்டாவது வரியில் S எங்கும் இல்லை என்பதைப் பாருங்கள். எவ்வளவு பலமான பொருள் என்பதைக் கணக்கு கேட்கவே இல்லை. எவ்வளவு விறைப்பானது என்று மட்டும் கேட்கிறது.

உங்கள் பைப்புக்கு எண்களைப் போடுவோம். 110 மி.மீ. வெளிவிட்டம், 2.5 மி.மீ. சுவர் என்றால் நடுக்கோட்டு விட்டம் 107.5. t/D சுமார் 0.0233. அதன் மும்மடி 0.0000126 அளவுக்குச் சுருங்கிப் போகிறது. பிவிசிக்கு E 3000 மெகாபாஸ்கல், ν 0.38 என்று வைத்தால் விடை 0.088 மெகாபாஸ்கல், அதாவது சுமார் 0.9 கிலோ. கொஞ்சமும் கோணல் இல்லாத, வெயில் படாத, இன்று வாங்கிய பைப்புக்கே இதுதான் எல்லை. காற்றழுத்தம் 1 கிலோ. உள்ளே முழு வெற்றிடம் வந்தால் புதுப் பைப்பே நிற்காது.

அமுங்கும் அந்த நேரத்தில் சுவரில் இருக்கும் அழுத்தத் தகைவு எவ்வளவு என்று பார்த்தால் 2 மெகாபாஸ்கல்கூட இல்லை. பொருள் தாங்கக்கூடியது 45. இருபதில் ஒரு பங்கு பலத்தைக்கூடச் செலவழிக்காமல் பைப் தோற்றுப் போகிறது. அமுங்கிய பைப்பில் பெரும்பாலும் விரிசல் இல்லாததற்குக் காரணம் இதுதான். சில சமயம் மோட்டாரைப் போட்டதும் உள்ளழுத்தம் அதைத் திரும்ப உருட்டிவிடும்.

சரி, காற்று முழுதாக 1 கிலோவும் அழுத்துகிற அளவுக்கு உங்கள் கரட்டில் வெற்றிடம் வருகிறதா? அது உங்கள் லைன் போகும் மேடு பள்ளத்தைப் பொறுத்தது. உயரக் கணக்கு நீங்கள் தரவில்லை. கரட்டு உச்சி தொட்டித் தண்ணீர் மட்டத்துக்கு 7 மீட்டர் மேலே, உச்சியிலிருந்து தொட்டிக்கு ஒரு கிலோமீட்டர் பைப், பைப்பின் வாய் தொட்டிக்குள் தண்ணீருக்கு அடியில் என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் அளவு வேறாக இருந்தால் எண்ணை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

மோட்டார் ஓடும்போது பைப்பில் தண்ணீர் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் போகிறது என்றால், அந்த ஒரு கிலோமீட்டரில் உராய்வுக்கே சுமார் 9 மீட்டர் உயர அழுத்தம் செலவாகும். 7 மீட்டர் இறக்கம் அதில் 7-ஐக் கொடுத்துவிடும். மீதி 2 மீட்டரை கரட்டு உச்சியில் உள்ள அழுத்தம் கொடுக்க வேண்டும். 10 மீட்டர் தண்ணீர் 1 கிலோ என்ற கணக்கில், ஓடும்போது உச்சியில் உள்ளே 0.2 கிலோ கூடுதலாகவே இருக்கிறது. பைப் நன்றாக உருண்டிருக்கும்.

மோட்டார் நின்றதும் ஓட்டம் குறையும், உராய்வு காணாமல் போகும். இறக்கத்தில் இருக்கும் தண்ணீர்த் தூண் மட்டும் தன் எடையோடு தொட்டியை நோக்கித் தொங்கும். இந்தப் பக்கம் ஃபுட்வால்வு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பக்கம் பைப் வாய் தண்ணீரில் மூழ்கியிருப்பதால் காற்று ஏறி வராது. விளைவு, உச்சியில் உள்ளே 7 மீட்டர் அளவுக்கு அழுத்தம் குறைந்து, வெளிக்காற்று 0.7 கிலோ விசையோடு பைப்பை அமுக்கும். எங்காவது மூட்டு வழியாகக் காற்று கசிந்து நிரம்பும் வரை இது நீடிக்கும்.

இது போக, மோட்டார் நின்ற முதல் சில நொடிகளில் வேறொரு தொல்லையும் உண்டு. ஓட்டம் திடீரென நிற்பதால் கிணற்றுப் பக்கத்திலிருந்து ஒரு தாழ்வழுத்த அலை பைப் வழியே ஓடிவரும். இவ்வளவு மெல்லிய பிவிசியில் அலையின் வேகம் நொடிக்குச் சுமார் 250 மீட்டர்; தண்ணீர் நொடிக்கு 1 மீட்டரில் போய்க்கொண்டிருந்தால் அலை கொண்டுவரும் வீழ்ச்சி சுமார் 25 மீட்டர். உச்சியில் இருந்ததே 2 மீட்டர்தான் என்பதால் அங்கே அழுத்தம் வெற்றிடம் வரை இறங்கிவிடலாம். கரண்ட் போனாலும் சுவிட்சை அணைத்தாலும் பம்புக்கு ஒன்றுதான். கரண்ட் போனால் மட்டும் அமுங்குவதாகத் தோன்றுவதற்குக் காரணம், பெரும்பாலும் அப்போதுதான் தொட்டி நிறையாமல் பாதியில் நின்று, தண்ணீர் மட்டம் தாழ்ந்திருப்பதால் உச்சியில் இழுப்பு கூடுகிறது என்பதாகவோ, நிறுத்தும் முன் யாராவது வால்வைத் திருகி ஓட்டத்தைக் குறைத்துப் பழகியிருப்பதாகவோ இருக்கலாம்.

0.9 தாங்கும் பைப் 0.7-க்கு அமுங்கக் கூடாதே என்று கேட்பீர்கள். இங்கேதான் வெயிலும் கோணலும் வருகின்றன. கரட்டில் மண் வெட்ட முடியாமல் பைப்பைப் பாறை மேலேயே போட்டிருப்பீர்கள். சித்திரை வெயிலில் சுவர் 50 டிகிரியைத் தொட்டால் பிவிசியின் விறைப்பு ஏறத்தாழ கால் பங்கு குறையும். அந்தச் சூட்டிலேயே கல் மேல் அழுந்திக் கிடப்பதால், வருடக் கணக்கில் பைப் மெல்ல முட்டை வடிவுக்கு வரும். ஒரு பக்கம் அளந்தால் 104.5, குறுக்கே அளந்தால் 115.5 என்று இருந்தால் அது 5 சதவீதக் கோணல். பைப் பொறியாளர்கள் பயன்படுத்தும் திருத்தக் கணக்குப்படி அது தாங்குதிறனை மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் கீழே இறக்கிவிடும். 0.9-ஐ முக்கால் ஆக்கி, அதை மறுபடி 0.64-ஆல் பெருக்குங்கள். கிடைப்பது 0.43 கிலோ. 0.7 வந்தால் நிற்க வழியில்லை. போட்ட முதல் வருடம் ஒன்றும் ஆகாமல் மூன்றாம் வருடம் அமுங்குகிற லைன்களின் கதை பெரும்பாலும் இதுதான்.

மண்ணுக்குள் போன பைப் ஏன் தப்பிக்கிறது என்பதும் இதிலேயே புரியும். பைப் சப்பட்டையாக வேண்டும் என்றால் இரண்டு பக்கமும் வெளியே பிதுங்கியாக வேண்டும். சுற்றிலும் மண்ணை நன்றாக இடித்து நிரப்பியிருந்தால் பிதுங்க இடம் இல்லை. ஆனால் சுக்கான்கல் நிலத்தில் குழி தோண்டி, எடுத்த கல்லையே மேலே தள்ளி மூடினால் அது தாங்கலே ஆகாது. அங்கங்கே கல் குத்தி முட்டை வடிவைச் சீக்கிரம் வரவழைக்கும்.

அமுங்கிய பைப்பையும் வெடித்த பைப்பையும் பார்த்த உடனே பிரித்துவிடலாம். உள்ளழுத்தத்தில் போன பைப்பில் நீளவாக்கில் கீறல் இருக்கும். அதன் உதடுகள் வெளியே விரிந்திருக்கும். வெளியழுத்தத்தில் போனதில் மேலும் கீழும் உள்வாங்கி, குறுக்கே அறுத்துப் பார்த்தால் எட்டு என்ற எண்ணைப் படுக்கப் போட்ட மாதிரி இருக்கும். இரண்டு ஓரங்களிலும், மடிப்பு விழுந்த இடத்தில், நீளமாக வெள்ளைக் கோடு ஓடும். சாக்கெட் மூட்டுகள் மட்டும் வட்டம் மாறாமல் நிற்கும்; அங்கே இரண்டு சுவர் ஒன்றன் மேல் ஒன்று என்பதால் தடிமன் கூடுதல். ஓரிடத்தில் அமுங்கியது பக்கத்தில் இருக்கும் வட்டத்தையும் இழுத்து மடக்கிக்கொண்டே போய் மூட்டில் வந்துதான் நிற்கும். அதனால்தான் உங்களுக்கு முழு முழுப் பைப்பாக அமுங்குகிறது. உருண்டு திரும்பிவிட்டாலும், வெள்ளைக் கோடு விழுந்த பைப்பை லைனில் விட்டுவைக்காதீர்கள். அடுத்த முறை அது இதைவிடக் குறைந்த அழுத்தத்திலேயே மடங்கும். மடிப்புக் கோட்டிலேயே ஒரு நாள் கீறும்.

மூட்டு வட்டமாக நிற்கிறதே, அப்படியானால் பைப் முழுக்க வளையம் போட்டுவிட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். நியாயமான யோசனை. 1858-இல் இங்கிலாந்தில் வில்லியம் ஃபேர்பெய்ர்ன் என்ற பொறியாளர் பாய்லருக்குள் போகும் நெருப்புக் குழாய்கள் அமுங்குவதைச் சோதித்து, குழாயின் நீளம் கூடக் கூட தாங்குதிறன் குறைவதைக் காட்டினார். நீளக் குழாயை வளையங்களால் குட்டைக் குட்டையாகப் பிரித்தால் பலம் கூடும் என்பது அங்கிருந்து வந்தது. ஆனால் வளையத்தின் உதவி கொஞ்ச தூரத்துக்குத்தான் எட்டும். உங்கள் பைப்புக்கு அந்தத் தூரம் சுமார் 0.8 மீட்டர். 6 மீட்டருக்கு ஒரு சாக்கெட் இருந்தால் நடுப்பகுதிக்கு அது இருப்பதே தெரியாது. 40 செ.மீ.க்கு ஒன்று என்று உறுதியான வளையம் போட்டால் தாங்குதிறன் இரு மடங்காகும். கடையில் விற்கும் சக்‌ஷன் ஓஸில் சுற்றுக் கம்பி மாதிரி விறைப்பான பிளாஸ்டிக் ஓடுவதும், ஈரோடு, திருப்பூர் சாயப்பட்டறை பாய்லர்களில் பலவற்றின் நெருப்புக் குழாய் அலை அலையாக இருப்பதும் இதே வேலைக்குத்தான். பாய்லரில் நீராவி அந்தக் குழாயை வெளியிலிருந்து அமுக்குகிறது. ஓடுகிற பிவிசி லைனில் 40 செ.மீ.க்கு ஒரு வளையம் மாட்டுவது நடக்கிற காரியம் இல்லை; அந்தச் செலவில் தடித்த பைப்பே வாங்கிவிடலாம்.

தடித்த பைப் என்றதும் மும்மடிக் கணக்கு நமக்குச் சாதகமாகத் திரும்புகிறது. 110 மி.மீ.யிலேயே 6 கிலோ பைப்பின் சுவர் சுமார் 3.7 மி.மீ. தடிமன் ஒன்றரை மடங்குதான். வெளியழுத்தம் தாங்குவதோ 0.9-இலிருந்து 3 கிலோவுக்குப் போகிறது. அதே வெயிலையும் அதே 5 சதவீதக் கோணலையும் கழித்தாலும் 1.4 கிலோ மிஞ்சும். காற்று எவ்வளவு முயன்றாலும் 1 கிலோவுக்கு மேல் அமுக்க முடியாது. ஆகவே லைன் முழுக்க மாற்ற வேண்டாம். உச்சியிலும், அதற்கு இரண்டு பக்கமும் தொட்டி மட்டத்துக்கு மேலே வெளியே தெரியும் தூரத்துக்கும் 6 கிலோ போட்டால் போதும். முடிந்தால் அதன் மேல் ஒரு முழம் மண்ணைத் தள்ளுங்கள்; வெயில் படாது.

ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டியது வெற்றிடமே வராமல் பார்ப்பது. உச்சியில் காற்று உள்ளே வர ஒரு வழி இருந்தால் வேலை முடிந்தது. மோட்டார் நின்றதும் உச்சியிலிருந்து தண்ணீர் நொடிக்கு 8, 9 லிட்டர் என்று விலகப் பார்க்கும். அந்த இடத்தை நிரப்ப அதே அளவு காற்று நுழைய வேண்டும். 25 மி.மீ. துளை வழியே அவ்வளவு காற்று நுழைய ஒரு சாண் தண்ணீர் அளவு அழுத்த வித்தியாசம்கூடத் தேவையில்லை. ஒரு அங்குல ஏர்வால்வு தாராளம். வாங்கும்போது கவனியுங்கள்: ஊசித்துளை போல இருக்கும் வால்வு ஓடும்போது சேரும் காற்றை வெளியேற்ற மட்டும்தான். உங்களுக்கு வேண்டியது மோட்டார் நின்றதும் பந்து கீழே விழுந்து முழு வாயும் திறக்கிற பெரிய துளை வால்வு.

நம் பக்கம் உப்புத் தண்ணீரில் பந்தும் ரப்பரும் சுண்ணாம்பு படிந்து ஒட்டிக்கொள்வது சகஜம். வால்வு இருந்தும் பைப் அமுங்கியது என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். சோதிப்பது எளிது. ஒருவர் கிணற்றில் மோட்டாரை நிறுத்தட்டும். நீங்கள் வால்வு வாய்க்கு மேலே ஒரு காகிதத் துண்டைப் பிடியுங்கள். காகிதம் இழுபட்டு, உஸ் என்று காற்று உள்ளே போனால் வால்வு உயிரோடு இருக்கிறது. ஒன்றும் இல்லாமல் அமைதியாக இருந்தால் கழற்றிக் கழுவுங்கள்.

ஒட்டாத, கெடாத வழி ஒன்றும் இருக்கிறது. உச்சியில் ஒரு டீ போட்டு, வாய் திறந்த பைப்பை நட்டுக்குத்தலாக நிறுத்திவிடுவது. பல காடுகளில் இப்படி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மேலே எடுத்த கணக்குப்படி ஓடும்போது உச்சியில் 2 மீட்டர்தான் அழுத்தம் என்பதால் 3 மீட்டர் உயரம் வைத்தால் தண்ணீர் வழியாது. தொட்டிப் பக்க வால்வை யாராவது மூடிவிட்டு மோட்டாரைப் போட்டால் மட்டும் அதன் வழியாக ஊற்றும். வாயில் குருவி கூடு கட்டாமல் ஒரு வலைத்துண்டு கட்டிவிடுங்கள். மூடி போட்டு அடைத்துவிட்டால் பைப் நின்றதற்கு அர்த்தமே இல்லை.

தொட்டிக்குள் மூழ்கியிருக்கும் வாயைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே தூக்கினால் போதாதா என்பார்கள். கொஞ்சம் உதவும், நம்ப முடியாது. ஒரு கிலோமீட்டர் பைப்பில் வாயிலிருந்து உச்சி வரை காற்று தண்ணீரை எதிர்த்து ஏறி வருவதற்குள் உச்சியில் நடக்க வேண்டியது நடந்து முடிந்திருக்கும். காற்று, வெற்றிடம் பிறக்கிற இடத்திலேயே நுழைய வேண்டும்.

உங்கள் உச்சி தொட்டியைவிட 3 மீட்டர்தான் உயரம் என்று அளவு வந்தால், தொங்கும் தண்ணீரால் வருவது 0.3 கிலோ மட்டும். அப்போது கோணல் பைப்பே அதைத் தாங்கிவிடும். அமுக்கியது மோட்டார் நின்றவுடன் வந்த அலை என்று கொள்ளலாம். அதற்கும் ஏர்வால்வு உதவும், ஆனால் அலை வரும் வேகத்துக்கு அது உடனே திறக்க வேண்டும். அந்த நிலையில் நான் வால்வைவிட நட்டுக்குத்தலான பைப்பையே போடச் சொல்வேன். லெவல் டியூபை வைத்து உச்சிக்கும் தொட்டிக்கும் உயர வித்தியாசத்தையும், அமுங்காத பைப் ஒன்றின் நெட்டு, குறுக்கு விட்டங்களையும் அளந்து எழுதுங்கள். 6 கிலோ பைப் எத்தனை வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.